எங்கள் நூலாசிரியர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும்: நடைத்தாள் பற்றி ஒரு மடல்

ஹட்டன்

அன்புடையீர்,

வணக்கம். இனி எங்களிடம் புத்தகம், ஆண்டு மலர், நினைவு மலர் எதற்குக் கையெழுத்துப் பிரதி தந்தாலும், முதல் மெய்ப்போடு இரண்டு பக்கத் தாள் ஒன்றும் உங்கள் கைக்கு வரும். ஆங்கிலத்தில் ஸ்டைல் ஷீட் என்பார்கள். நாங்கள் நடைத்தாள் என்கிறோம். எங்கே சிறு கோடு, எங்கே நீளக் கோடு, எண்ணை எப்படி எழுதுவது, மேற்கோள் குறி எதற்கு என்பவற்றை அதில் முன்கூட்டியே முடிவு செய்து எழுதியிருக்கிறோம். "என் பிரதியில் ஏன் கை வைத்தீர்கள்?" என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்காகவே இந்த மடல்.

தோட்டத்து நினைவுகளைத் தொகுத்து ஒரு நூல் செய்தோம். எழுதியவர்கள் பலர். அச்சான பிறகு ஒரு வாசகர் புத்தகத்தோடு நேரே கடைக்கு வந்து மூன்று பக்கங்களைத் திறந்து காட்டினார். ஒன்றில் 5,25,000 பேர். இன்னொன்றில் 525,000 பேர். மூன்றாவதில் 5இ25இ000 பேர். மூன்றும் ஒரே ஒப்பந்தத்தின் ஒரே தொகை. "எது சரி?" என்று கேட்டார். முதல் இரண்டும் சரி, மூன்றாவது எழுத்துரு மாற்றத்தில் வந்த பிழை என்று விளக்கினோம். அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் அந்த நூலைப் பாடசாலைப் பிள்ளை ஒருவர் எடுத்து மேற்கோள் காட்டினால், விளக்கம் சொல்ல நாங்கள் பக்கத்தில் இருக்க மாட்டோம். தவறு எங்களுடையது. ஒவ்வொரு கட்டுரையையும் தனித்தனியாகத் திருத்தினோமே தவிர, எல்லாவற்றுக்கும் ஒரே முடிவை எழுதி வைத்திருக்கவில்லை.

அந்த இகரம் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்கிறோம், ஏனென்றால் உங்களில் பலர் இன்னும் பாமினியில்தான் தட்டச்சு செய்கிறீர்கள். பாமினி எழுத்துருவில் காற்புள்ளிக்குரிய விசையைத் தட்டினால் "இ" வரும். காற்புள்ளி வேண்டுமென்றால் > விசையைத் தட்ட வேண்டும். எண்களை மட்டும் ஆங்கில எழுத்துருவில் அடிப்பவர்கள் வழக்கமான காற்புள்ளியையே போடுவார்கள். அந்தக் கோப்பு முழுவதையும் பாமினி என்று எண்ணி யூனிகோடுக்கு மாற்றினால், அங்கிருந்த காற்புள்ளிகள் எல்லாம் "இ" ஆகிவிடும். எண்களுக்கு நடுவே நிற்கும் இகரத்தைத் தேடித் திருத்த இன்டிசைன் மென்பொருளின் GREP தேடலில் இதைப் போடுகிறோம்:

```
Find:    (?<=\d)இ(?=\d)
Change:  ,
```

இரண்டு பக்கமும் எண் இருந்தால் மட்டுமே இது பிடிக்கும். ஆகவே "1964இல்" என்பதில் உள்ள இகரத்துக்கு ஆபத்தில்லை. ஆனால் "1964இ 1974" என்று இடைவெளியோடு வந்தால் இதற்கு அகப்படாது. "கண்டிஇ பதுளைஇ" என்று சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டதும் அகப்படாது. அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. பாமினிக் கோப்பை மாற்றாமல் அப்படியே அனுப்புங்கள் என்று நாங்கள் கேட்பதன் காரணம் இதுதான். நீங்கள் மாற்றி அனுப்பினால், எது உங்கள் எழுத்து, எது மாற்றியின் பிழை என்று எங்களுக்குத் தெரியாமல் போகிறது.

இனி அந்த வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். பிரதியில் இப்படி இருந்தது:

1964-ம் ஆண்டு "ஸ்ரீமா - சாஸ்திரி" ஒப்பந்தப்படி 5இ25இ000 பேர் இந்தியாவுக்குச் செல்ல வேண்டும் என முடிவானது.

நடைத்தாளின்படி இப்போது இப்படி வரும்:

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேர் இந்தியாவுக்குச் செல்ல வேண்டும் என முடிவானது.

முதலில் அந்த "ம்". பேச்சில் "நாலாம் ஆண்டு" என்று "ஆம்" போட்டுத்தான் சொல்கிறோம். எழுதும்போது மட்டும் அதைச் சுருக்கி "ம்" ஆக்கிவிடுகிறோம். "1964ம் 1974ம் முக்கியமான ஆண்டுகள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த "ம்" ஆண்டின் வரிசையைச் சொல்கிறதா, அல்லது "இதுவும் அதுவும்" என்று சேர்க்கிறதா என்பதை வாக்கியம் முடியும் வரை நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே வரிசைக்கு 1964ஆம், சேர்ப்பதற்கு 1964உம், இடத்துக்கு 1964இல். 3வது என்பது 3ஆவது ஆகும்.

உருபுக்கும் எண்ணுக்கும் இடையே கோடு ஏன் வேண்டாம்? கணினி கோட்டுக்குப் பின்னால் வரியை உடைக்கும். "1964-" ஒரு வரியின் கடைசியிலும் "இல்" அடுத்த வரியின் தொடக்கத்திலுமாகப் பிரிந்து நிற்கும். இடைவெளி விட்டாலும் இதே கதிதான். உடையாத கோடு என்று ஒன்று உண்டு, யூனிகோடில் U+2011. ஆனால் சில தமிழ் எழுத்துருக்களில் அது இல்லை. இல்லாத இடத்தில் வெறும் கட்டமோ வேறு எழுத்துருவின் கோடோ வந்து நிற்கும். ஒட்டி எழுதினால் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. பார்க்கக் கொஞ்சம் நெருக்கமாக இருக்கிறது என்று ஓர் ஆசிரியர் சொன்னார். உண்மைதான், இரண்டு பக்கம் படித்தால் கண் பழகிவிடும்.

அடுத்தது அந்தக் கோடு. விசைப்பலகையில் இருப்பது சிறு கோடு. நீளக் கோடு (U+2013) வேறு. இரண்டு பக்கமும் தனித்தனி ஆட்களோ ஊர்களோ ஆண்டுகளோ நின்றால் நீளக் கோடு போடுகிறோம்: சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், கொழும்பு–பதுளை புகையிரதப் பாதை, 1964–1974. இரண்டு பெயர் சேர்ந்து ஒன்றின் பெயராகிவிட்டால் சிறு கோடு: ஹட்டன்-டிக்கோயா நகர சபை, தலவாக்கலை-லிந்துலை நகர சபை. இரண்டிலும் கோட்டின் இரு பக்கமும் இடைவெளி இல்லை. "1964 முதல் –1974 வரை" என்று கோட்டையும் சொல்லையும் கலப்பதில்லை. வாக்கியத்துக்குள் "முதல், வரை" என்று எழுதினால் போதும். தாய் தந்தை, ஆடு மாடு போன்ற இணைச் சொற்களுக்குக் கோடே தேவையில்லை.

இன்னொரு கோடும் உண்டு, அதைக் கண்டால் எங்களுக்குப் பயம். வரி முடியும் இடத்தில் நீங்களே "தொழி-" என்று அடித்து அடுத்த வரியில் "லாளர்" என்று தொடர்வது. உங்கள் கணினியில் அது வரிக்கடைசி. எங்கள் பக்க அகலத்தில் அது வரியின் நடுவுக்கு வந்து "தொழி-லாளர்" என்று அச்சாகும். அடுத்த வரிக்குப் போவதை மென்பொருளிடம் விட்டுவிடுங்கள்.

தொகைக்கு வருவோம். 5,25,000 என்பது இந்திய முறைக் காற்புள்ளி, இந்திய நூல்களைப் பார்த்து எழுதும்போது வருவது. இங்கே வங்கிப் புத்தகத்திலும் சம்பளப் பட்டியலிலும் மும்மூன்று இலக்கமாகத்தான் பார்க்கிறோம், அதனால் 525,000. எழுத்தில் சொல்வதானால் ஐந்தேகால் இலட்சம். காற்புள்ளியைத் திருத்தும்போதே தொகையையும் கூட்டிப் பார்ப்பது இப்போது எங்கள் வழக்கம். 1964 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு 525,000, இலங்கைக் குடியுரிமைக்கு 300,000, முடிவு செய்யாமல் விடப்பட்டது 150,000, மொத்தம் 975,000. அந்த 150,000ஐத்தான் 1974இல் 75,000, 75,000 என்று பிரித்தார்கள். ஒரு பிரதியில் கடைசித் தொகை 15,000 என்று இருந்தது. ஒரு பூச்சியம் விடுபட்டது கூட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

பத்து வரை எழுத்தில், அதற்கு மேல் எண்ணில் என்பது பொது விதி. வயது, பணம், எடை, திகதி எப்போதும் எண்ணில். எண்ணில் வாக்கியம் தொடங்கக் கூடாது என்ற ஆங்கில வழக்கத்தை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. "1964ஆம் ஆண்டு" என்று தொடங்குவது தமிழில் உறுத்தாது. தமிழ் எண்களில் அச்சிடலாமா என்று கேட்டவர்களுக்கு: ௧ என்ற எண்ணும் க என்ற எழுத்தும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் ஒன்றுக்கு மற்றது அடிக்கப்பட்டுவிடுகிறது, பிறகு தேடினால் கிடைப்பதில்லை. முன்னுரையின் பக்க எண்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இந்த விதிகள் எல்லாம் மேற்கோள் குறிக்குள் நுழைந்ததும் நின்றுவிட வேண்டும். நாங்கள் அதிகம் யோசித்ததும் இதைப் பற்றித்தான். ஓர் அம்மா சொன்னதை ஒருவர் எழுதிக் கொண்டு வந்தார்:

"64-ல் ஒப்பந்தம் போட்டாங்க. அப்ப 8 கிலோ "கொழுந்து" எடுத்தால்தான் பேரு, இல்லாவிட்டால் "அரைப்பேரு"."

ஒலிப்பதிவைக் கேட்டோம். அம்மா சொன்னது இது:

“அறுபத்தி நாலுல ஒப்பந்தம் போட்டாங்க. அப்ப பதினெட்டு றாத்தல் கொழுந்து எடுத்தாத்தான் பேரு, இல்லாட்டி அரைப்பேரு.”

ஒருவர் வாயால் சொன்ன எண்ணை எழுத்தால் எழுத வேண்டும். யாரும் "64-ல்" என்று பேசுவதில்லை. பதினெட்டு றாத்தல் என்றால் ஏறத்தாழ 8.2 கிலோ, அந்தக் கணக்கு தேவையென்றால் அடிக்குறிப்பில் போடலாம், அம்மாவின் வாயில் கிலோவை வைக்கக் கூடாது. கொழுந்து, பெரட்டு, லயம், அரைப்பேர் ஆகியவற்றைச் சுற்றிக் குறி போடுவதையும் நிறுத்திவிட்டோம். அவை எங்கள் சனங்களின் அன்றாடச் சொற்கள். குறி போட்டால் இரவல் சொல் போலவும், சொன்னவர் ஏதோ பிழையாகச் சொன்னது போலவும் ஆகிவிடுகிறது. வெளியூர் வாசகருக்குப் புரியாதென்றால் முதன்முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் எழுதுங்கள்.

இரட்டைக் குறி ஒருவர் சொன்ன அதே சொற்களுக்கு மட்டுமே. தமிழில் "என்று" என்ற சொல்லே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. அவர் தான் வரவில்லை என்று சொன்னார் என்ற வாக்கியத்தில் குறி போட்டால், "தான் வரவில்லை" என்பது அவர் வாயிலிருந்து வந்த சொல்லாகிவிடும். அவர் சொல்லியிருப்பது "நான் வரவில்லை" என்றல்லவா? நூலின் பெயருக்கும், ஒரு சொல்லையே பொருளாக வைத்துப் பேசும்போதும் ஒற்றைக் குறி. அதற்குப் பின் வரும் உருபு கோடில்லாமல் ஒட்டி வரும்: ‘பெரட்டு’க்கு.

ஒரே பேச்சு பல பத்திகளுக்கு நீண்டால் ஒவ்வொரு பத்தியும் திறக்கும் குறியோடு தொடங்கும், மூடும் குறி கடைசிப் பத்தியில் மட்டும் வரும். நாங்கள் அத்தியாயம் தோறும் திறப்பதையும் மூடுவதையும் எண்ணிப் பார்க்கிறோம். திறப்பது மூன்று கூடுதலாக இருந்தால், நான்கு பத்திப் பேச்சு ஒன்றோ, அதற்கு ஈடாகப் பத்தி தாண்டி நீளும் சிறு பேச்சுகள் சிலவோ உள்ளே இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ ஒரு குறி விடுபட்டிருக்கிறது. நேராக நிற்கும் குறிகளில் (இந்த மடலிலும் பல இடங்களில் அப்படித்தான் இருக்கிறது, மின்னஞ்சலில் அடித்தது) திறப்பும் மூடலும் ஒன்றே என்பதால் இந்த எண்ணிக்கை செல்லாது. ஆகவே நூலுக்குள் வளைந்த குறிகளே வரும்.

நடைத்தாளின் கடைசியில் பத்து வரி வெறுமையாக விட்டிருக்கிறோம். உங்கள் நூலுக்கு மட்டும் வேறு முடிவு வேண்டுமென்றால் அதில் எழுதித் தாருங்கள். பழைய ஆவணத்தை உள்ளபடி அச்சிடுகிறீர்கள் என்றால் அதன் கோடும் காற்புள்ளியும் அப்படியே இருக்க வேண்டும். அதையும் அங்கே குறிக்கலாம். முதல் மெய்ப்பைத் திருப்பித் தரும்போது தாளில் கையொப்பமிட்டுத் தாருங்கள். இரண்டாம் மெய்ப்புக்குப் பிறகு ஒரு விதியை மாற்றினால் முழு நூலையும் மறுபடி தேட வேண்டியிருக்கும், வரிகள் நகரும், பொருளடக்கத்தின் பக்க எண்களும் மாறக்கூடும். ஏற்கெனவே எங்களிடம் பிரதி தந்திருப்பவர்களுக்கு இந்த வாரத்துக்குள் தாள் தபாலில் வரும்.

அன்புடன்,
பதிப்பகத்தார்