மகளுக்கு, அந்த இமெயிலைப் பற்றி

சுங்கை சிப்புட்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று ராத்திரி நீ போனில் படித்துக் காட்டிய இமெயில் காலையில் பசியாறும்போதும் மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. நீ அந்தக் கம்பெனியில் கேட்டது கொள்முதல் பிரிவில் உதவி மேனேஜர் வேலை. அவர்கள் நீட்டுவது சீனியர் எக்சிகியூட்டிவ். ஆறு வருஷமாக பினாங்கில் உழைத்து நீ ஏற்கனவே உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலி. “வேண்டாம் என்று ஒரு வரி அனுப்பிவிடுகிறேன்” என்றாய். உன் அம்மாவோ, கிடைத்ததை விடாதே என்கிறாள். இரண்டு பேருக்கும் அவசரம்.

தோட்டத்து ஆபீசில் முப்பது வருஷம் கிராணியாகக் கடிதம் தட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த இமெயிலில் ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது. “உங்கள் அனுபவத்துக்கு இது பொருத்தமாக இருக்கும், விருப்பமா” என்று கேட்கிறாள் இமெயில் அனுப்பிய பெண். நீ கேட்ட வேலை என்ன ஆயிற்று என்று எங்கேயும் சொல்லவில்லை. அது தெரியாமல் நீ எதற்குப் பதில் எழுதுவாய்?

காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அந்த இடத்துக்கு வேறு ஆள் கிடைத்திருக்கலாம், அல்லது மேலிடம் ஆள் எடுப்பதை நிறுத்தி வைத்திருக்கலாம். இல்லையென்றால், உன் விவரத்தைப் படித்தவர்கள் நீ அந்தப் படிக்கு இன்னும் வரவில்லை என்று நினைத்திருக்கலாம். மூன்றாவது, அவள் கம்பெனி ஆளாக இல்லாமல் ஏஜென்சி ஆளாக இருந்து, கையில் நிரப்ப வேண்டிய வேறொரு காலியிடத்துக்கு உன்னைத் தள்ளிப் பார்க்கலாம். பெரும்பாலான ஏஜென்சிகளுக்கு ஆள் வேலையில் சேர்ந்தால்தான் கம்பெனி காசு கொடுக்கும், அதனால் அவர்களை நான் குறை சொல்லவில்லை. இமெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் யார் பெயர் இருக்கிறது என்று பார். வேலை விவரமும் இல்லை, எந்த மேனேஜருக்குக் கீழே என்றும் இல்லை, சம்பளமும் இல்லை என்றால், அப்படி ஒரு வேலை உண்மையிலேயே காலியாக இருக்கிறதா என்று சந்தேகப்படு.

திங்கள் அல்லது செவ்வாய்க்குள் பதில் போய்விட வேண்டும். நீ ஆங்கிலத்தில்தான் எழுதுவாய், நான் பொருளை மட்டும் தமிழில் தருகிறேன்:

“என்னை நினைவில் வைத்து எழுதியதற்கு நன்றி. நான் விண்ணப்பித்தது உதவி மேனேஜர் பதவிக்கு, அதில் என் விருப்பம் அப்படியே இருக்கிறது. அந்தப் பதவி நிரப்பப்பட்டுவிட்டதா, அல்லது என் அனுபவத்தில் குறை ஏதும் தென்பட்டதா என்று சொல்ல முடியுமா? நீங்கள் குறிப்பிட்ட பதவியின் வேலை விவரம், யாருக்குக் கீழே, சம்பள வரம்பு ஆகியவற்றை அனுப்பினால் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன். இதைப் பரிசீலிப்பதால் என் முதல் விண்ணப்பம் தள்ளுபடி ஆகாது என்று எடுத்துக்கொள்ளலாமா?”

அவ்வளவுதான். இப்போது வாங்கும் சம்பளத்தை நீயாக எழுதாதே. கீழ்ப்படி வேலையைப் பற்றிப் பேசும்போது நீ சொல்லும் தொகைதான் பேரத்துக்கு அடித்தளமாகிவிடும். “எந்த வேலையானாலும் பரவாயில்லை” என்ற தொனியும் வேண்டாம், படித்த மறுநிமிஷமே முதல் விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள். கோபமும் காட்டாதே. அடுத்த வருஷம் நல்ல இடம் ஒன்று வந்தால் அதே பெண்தான் உன் பெயரைத் தேடுவாள்.

இடம் நிரம்பிவிட்டது என்று பதில் வந்தால் பேச ஒன்றுமில்லை, புது வேலையை அதன் தகுதிக்கு எடைபோடு. “உங்களுக்குக் கீழே ஆட்கள் வேலை செய்ததில்லையே” என்று வந்தால்தான் உனக்கு வேலை. அப்படித்தான் வரும் என்று என் மனசு சொல்கிறது, ஏனென்றால் உன் விவரத்தில் அது இல்லை. உன் மேனேஜர் பிரசவ விடுப்பில் போன மூன்று மாதமும் சப்ளையர்களோடு விலை பேசியது யார்? புதிதாக வந்த இரண்டு பேருக்கு வேலை பழக்கியது யார்? தீபாவளிக்கு வந்தபோதுகூட மடிக்கணினியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தாயே, அதையெல்லாம் ஏன் எழுதவில்லை? ஒரே பத்தியில் அதை எழுதி, “இரண்டு படிக்கும் சேர்த்தே என்னை நேர்காணல் செய்யுங்கள், எந்தப் படி என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்” என்று கேள். பல கம்பெனிகளில் இதற்கு ஒத்துக்கொள்வார்கள், அவர்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லையே.

அதற்கும் மறுத்துவிட்டு, “இப்போது இதில் சேருங்கள், ஆறு மாதத்தில் பார்க்கலாம்” என்பார்கள். இந்த வாசகம் எனக்கு நல்ல பழக்கம். நீ பிறப்பதற்கு முன்னால் வேறொரு தோட்டத்தில் பெரிய கிராணி வேலைக்கு எழுதிப் போட்டேன். சின்ன கிராணியாகச் சேரச் சொன்னார் மானேஜர், ஆறு மாதத்தில் மேலே போட்டுவிடுவதாக வாய்வார்த்தை. நானும் மூட்டை முடிச்சோடு போனேன். அஞ்சாவது மாதம் அவருக்கு மாற்றல். புதிதாக வந்தவர் என் ஃபைலைத் திறந்து காட்டினார். வேலை உத்தரவு ஒரே ஒரு தாள், அதில் அந்த ஆறு மாதம் கிடையாது. அவர்மேல் தப்பு சொல்ல முடியுமா? நாலு வருஷம் அதே மேசையில் இருந்தேன்.

ஆகவே ஆறு மாதம் என்றால் ஆஃபர் லெட்டரில் வரட்டும். எந்தத் தேதியில் மறுபரிசீலனை, எதை முடித்துக் காட்டினால் உயர்வு, உயர்ந்தால் என்ன பதவி, என்ன சம்பளம். பதவி உயர்வை உறுதியாக எழுதித் தர மாட்டார்கள், அது நியாயம்தான். ஆனால் பரிசீலனைத் தேதியைக்கூட எழுத மறுத்தால் அந்த வாக்கை இல்லாததாகவே வைத்துக்கொண்டு மீதியைக் கணக்குப் போடு.

கணக்கு என்றதும் ஒன்று. உனக்கு இப்போது 5,200 வெள்ளி. அவர்கள் 5,000 என்று சொன்னால் 200 தானே என்று தோன்றும். இபிஎஃப்பில் 5,000 வரை முதலாளி பங்கு 13 விழுக்காடு, அதற்கு மேல் 12. அதாவது இப்போது 624, அங்கே 650. அந்த 26 வெள்ளியைப் பெரிதாகக் காட்டினாலும் மொத்தத்தில் மாதம் 174 குறைகிறது. லீவையும் பார். அஞ்சு வருஷம் தாண்டியதால் சட்டப்படி உனக்கு வருஷத்துக்கு 16 நாள். புது இடத்தில் கணக்கு முதலிலிருந்து தொடங்கும், சட்டம் கொடுப்பது 8 நாள்தான். கூடுதலாகக் கொடுப்பார்களா என்று கேட்டு வாங்கு. அதோடு புதிதாக புரொபேஷன் வேறு. அதே படிக்கு இத்தனையையும் விடுவதென்றால் பெரிய கம்பெனி, கற்றுக்கொள்ள வேறு வேலை, ஏதாவது ஒன்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். இல்லையென்றால், “இப்போதைக்கு உதவி மேனேஜர் படிக்கே பார்க்கிறேன், அப்படி ஒன்று வந்தால் அவசியம் எழுதுங்கள்” என்று மரியாதையாக முடித்துக்கொள்.

எழுதியதை அனுப்புவதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் போடு, கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிக்கிறேன். அம்மா மாங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுத் தம்பி பட்டர்வொர்த் வருகிறான், ஃபெர்ரி முனையில் வந்து வாங்கிக்கொள்.

அன்புடன்,
அப்பா