'சின்ன கரெக்‌ஷன்தான்' என்று கேட்கும் யூடியூப் சேனல்காரர்களுக்கு

அன்புள்ள சேனல் உரிமையாளர்களுக்கு, வணக்கம்.

முல்லைப் பெரியாறு அணை வீடியோவின் கமெண்டில் நடந்த கூத்து உங்களுக்குத் தெரியும். சேனல் தரப்பே சேர்க்கச் சொன்ன ஆதாரமில்லாத வரியை "ஸ்கிரிப்ட் டீம் செய்த தவறு" என்று மேலே பின் செய்தார்களே, அந்த வீடியோவுக்கு எழுத்தாளர் ஒருவர் இருந்தார் என்பதே அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது.

பத்து நிமிட வீடியோ, சுமார் 1,100 சொற்கள். பார்ப்பவரைப் பிடித்து நிறுத்தும் தொடக்க வரிகளாக, அதாவது ஹூக்காக, முதலில் உங்களோடு பேசி முடிவு செய்தது இது: "1886-இல் 999 ஆண்டுக்குப் போட்ட குத்தகை. போட்ட சமஸ்தானமும் இல்லை, வெள்ளைக்கார அரசும் இல்லை. குத்தகை மட்டும் எப்படிச் செல்லும்?" இதற்கான விடை எட்டாம் நிமிடத்தில், 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சொல்லும் இடத்தில். இடையில் வரும் ஒவ்வொரு பத்தியும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் நகர்ந்தது.

ஷூட்டுக்கு முந்தைய இரவு வாட்ஸ்அப் வருகிறது: "பென்னிகுயிக் சொத்தை வித்து அணை கட்டினதை ஹூக்ல வைங்க. சின்ன கரெக்‌ஷன்தான்." அணைக்குச் செலவழித்தது சென்னை மாகாண அரசு. சொத்து விற்ற கதைக்கு ஆவணம் கிடைக்காததால்தான் ஆய்வுக் குறிப்பிலேயே அது நீக்கப்பட்டிருந்தது. அதைச் சொல்லியும் கேட்கவில்லை.

விளைவு? தியாகக் கதை கேட்க உட்கார்ந்தவருக்குக் குத்தகை ஷரத்துகள் கிடைத்தன. எத்தனை பேர் தொடர்ந்து பார்க்கிறார்கள் என்று காட்டும் ரிடென்ஷன் கோடு, முப்பதாவது விநாடி வரை நிமிர்ந்து நின்று, ஒரு நிமிடத்துக்குள் சரிந்தது. பத்து விநாடிக்குள் சரிந்தால் தலைப்பும் தொடக்கமும் ஒட்டவில்லை என்று சந்தேகிக்கலாம். ஹூக் தாண்டியதும் சரிந்தால், சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று. ஆனால் எங்களுக்கு வந்த பதில், "ஸ்கிரிப்ட் லேக்".

ஹூக்கை மாற்றினால் அது கரெக்‌ஷன் அல்ல, புது ஸ்கிரிப்ட். ஆகவே தலைப்பு, ஹூக், கடைசியில் வரும் விடை மூன்றையும் ஒரு பக்கக் குறிப்பில் முதலில் முடிவு செய்யுங்கள். அதற்குப் பிறகே முழு ஸ்கிரிப்ட். அதில் இரண்டு முறை திருத்தம் எங்கள் பொறுப்பு: ஒன்று தகவலுக்கும் வரிசைக்கும், இன்னொன்று நீங்கள் வாய்விட்டுப் படித்து நாக்கு இடறும் இடங்களுக்கு. மூன்றாவது திருத்தத்துக்கும் ஹூக் மாற்றத்துக்கும் தனிக் கட்டணம். ஆதாரம் இல்லாத வரியை நீங்களே சேர்த்தால், அது உங்கள் வரி என்று எழுத்தில் இருக்கட்டும்.

அடுத்து, பெயர். மைக் வாங்கும் லிங்குக்கும் தள்ளுபடிக் கூப்பனுக்கும் டிஸ்கிரிப்ஷனில் இடம் இருக்கிறது. டீ வாங்கி வந்த தம்பிக்குக்கூட நன்றி சொல்கிறீர்கள், நல்லதுதான். எழுதியவருக்கு மட்டும் இடம் தட்டுப்பாடு. பெயர் போட்டாலும் லிங்குகளுக்குக் கீழே போட்டால், மடிந்து கிடக்கும் பகுதியை யார் விரித்துப் பார்ப்பார்கள்?

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவே: எழுதத் தொடங்கும் முன் ஹூக்கை முடிவு செய்யுங்கள். டிஸ்கிரிப்ஷனின் முதல் இரண்டு வரிக்குள் 'எழுத்து, ஆய்வு' என்று பெயர் போடுங்கள். அடுத்த ஸ்கிரிப்டுக்கு முன்பணம் அனுப்பும்போதே இந்த இரண்டையும் ஒரு மின்னஞ்சலில் உறுதிசெய்யும்படி தயவாய்க் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்களுக்காக ஸ்கிரிப்ட் எழுதுவோர்