பாக்கு மட்டைத் தட்டு ஏன் ஒழுகியது: அன்னதானக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் அன்னதானக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஆடித் திருவிழாவுக்குப் பாக்கு மட்டைத் தட்டு வேண்டாம், பளபளக்கும் பேப்பர் தட்டே வாங்கிவிடலாம் என்று பேசி முடித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். போன ஆடியில் வந்த தட்டுகளில் பூஞ்சை வாடை அடித்ததும், சாம்பார் சாதம் வைத்த சற்று நேரத்தில் ஒழுகியதும் உண்மைதான். வரிசையில் நானும் நின்றேன். வாழப்பாடிப் பக்கம் மட்டைத் தட்டுப் பட்டறை நடத்துகிறவன் நான். அந்தத் தட்டுகள் என் பட்டறையில் செய்தவை அல்ல. ஆனால் அதே தவறு என்னிடமும் நடந்திருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

பாக்கு மட்டையை யாரும் மரத்திலிருந்து வெட்டுவதில்லை. அது பழுத்துத் தானாகக் கழன்று விழும். விழுந்ததை ஓரிரு நாளில் பொறுக்கி, நன்றாகக் காயவைத்து அடுக்க வேண்டும். தட்டு போடும் அன்று அதைத் தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நீரை வடியவிட்டு, சூடான அச்சில் ஒரு நிமிடம் போல அழுத்துகிறோம். பசையோ பூச்சோ கிடையாது. சூடும் அழுத்தமும்தான் வடிவத்தை நிறுத்துகின்றன.

எல்லாமே ஈரத்தின் கணக்கு. ஊறல் குறைந்தால் நார் போகும் திசையில் மட்டை கீறும்; அந்தக் கீறல் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, சாம்பார் வழியாகத்தான் தெரியும். ஊறல் மிஞ்சினால் அச்சிலிருந்து எடுத்த பிறகும் தட்டுக்குள் ஈரம் நிற்கும். அதை வெயிலில் போடாமல் கட்டிப் பிளாஸ்டிக் பையில் அடைத்தால் சில நாளிலேயே பூஞ்சை பிடித்துவிடும். மழையில் தோப்பிலேயே கிடந்து கறுத்த மட்டை என்றால் இன்னும் மோசம். போன ஆண்டு நீங்கள் ஆர்டர் கொடுத்தது திருவிழாவுக்குப் பத்து நாள் முன்பு. அந்த அவசரத்தில் வெயிலும் கிடைத்திருக்காது, காய்ந்த மட்டையும் கிடைத்திருக்காது.

சரி, இந்த முறை எப்படி வாங்குவது? பங்குனி, சித்திரையிலேயே வாங்கி, காற்றோட்டமான அறையில் சாக்கில் வையுங்கள். வாங்கும்போது கட்டின் நடுவிலிருந்து ஒரு தட்டை உருவி மோந்து பாருங்கள்; மேலே இருப்பது எப்போதும் நல்லதாகத்தான் இருக்கும். அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கீறல் தெரியும். அப்புறம் பழைய செய்தித்தாள்மேல் வைத்து வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். தாள் நனைந்தால் அந்தச் சரக்கு வேண்டாம்.

இனி பேப்பர் தட்டு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டுக்கும் கப்புக்கும் தடை இருக்கிறது. பேப்பர் என்ற பெயரைப் பார்த்துப் பலர் இது அதில் சேராது என்று நினைக்கிறார்கள். காகிதம் மட்டும் இருந்தால் ரசத்தில் ஊறிக் கூழாகிவிடும். ஊறாமல் காப்பது மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தோல். எச்சில் பட்ட அந்தத் தட்டில் காகிதத்தையும் தோலையும் பிரித்தெடுக்க இங்கே வழியில்லை. போன கார்த்திகையில் குளக்கரையில் எரிந்த குப்பையில் அவைதான் கிடந்தன. இதே போல் உட்பூச்சுள்ள காகிதக் கப்பில் 100 மில்லி வெந்நீரை 15 நிமிடம் வைத்தால் ஏறக்குறைய 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் நீரில் சேர்வதாகக் கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் கண்டார்கள். அது கப்பில் செய்த சோதனை. தட்டில் எவ்வளவு என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆனால் நாம் பரிமாறுவதும் கொதிக்கக் கொதிக்கத்தான்.

என் பக்கத்துக் குறையையும் மறைக்கக் கூடாது. 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பாக்கு மட்டைத் தட்டுகளை உணவுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது. பாக்கில் இயல்பாக உள்ள ஆல்கலாய்டுகள் மட்டையிலிருந்தும் உணவில் இறங்கக்கூடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். எங்கள் தொழிலுக்கு அது பெரிய அடி, ஆனாலும் அதைப் பொய் என்று தள்ள என்னால் முடியாது. அதனால் ரசம், பாயசம் போல நீராக நிற்பதை மட்டையில் ஊற்ற வேண்டாம், எவர்சில்வர் டம்ளரில் கொடுங்கள் என்கிறேன். உட்கார்ந்து சாப்பிடும் பந்திக்கு வாழை இலைதான். சுண்டலுக்கும் பொங்கலுக்கும் பனை ஓலைப் பட்டை மடிக்கலாம். பச்சை ஓலை போதும், அச்சும் சூடும் வேண்டாம், ஆனால் அன்றே மடித்து அன்றே தீர்க்க வேண்டும். கையில் ஏந்தி நின்று சாப்பிடும் வரிசைக்கு மட்டும் மட்டைத் தட்டு இருக்கட்டும்.

விலை இரண்டு மூன்று மடங்கு என்பதும் தெரியும். போன ஆண்டு எல்லோருக்கும் 12 அங்குலத் தட்டு வாங்கினீர்கள். ஒரு கரண்டி கலவை சாதத்துக்கு 8 அங்குலம் தாராளம். விலையும் அதற்கேற்பக் குறையும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒரு அண்டா வெந்நீரோடு வருகிறேன். நீங்கள் வாங்க நினைக்கும் பேப்பர் தட்டைக் கிழித்து அதில் போடுவோம். ஒரு மணி நேரம் கழித்துக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
வடக்குத் தெரு மட்டைத் தட்டுப் பட்டறைக்காரன்