உறுதியில் விற்பனை, உள்ளபடி கடன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மலையக நகரங்களில் கடனுக்காக விற்பனை உறுதி எழுதிக் கொடுத்துக் காணி இழப்போர் பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரை, "கையெழுத்து வைத்த பின் யாராலும் எதுவும் செய்ய முடியாது" என்று முடிந்திருந்தது. ஹட்டனில் கணக்காளராகப் பணிபுரியும் நான் அதை முழுமையாக ஏற்கவில்லை. எழுதப்பட்ட வடிவத்தைவிட நடந்த காரியத்தின் உண்மைத் தன்மையே மேலானது என்பதைக் கணக்கியல் மட்டுமன்றி நமது சட்டமும் ஓரளவு ஏற்கிறது.

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். நகரில் கடையோடு சேர்ந்த வீடு ஒன்றின் சந்தைப் பெறுமதி 60 லட்சம். மகளின் வெளிநாட்டுப் பயணத்துக்காக உரிமையாளருக்கு 15 லட்சம் அவசரமாகத் தேவைப்படுகிறது. பணம் கொடுப்பவர் ஈட்டுறுதி கேட்பதில்லை. 15 லட்சத்துக்கு அறுதியாக விற்றதாக நொத்தாரிசு முன் உறுதி எழுதச் சொல்கிறார். ஒரு வருடத்துக்குள் அதே 15 லட்சத்தைத் தந்தால் திருப்பி எழுதித் தருவதாக வாய்ப்பேச்சு. விற்றவர் அதே வீட்டில் இருந்துகொண்டு மாதம் 45,000 ரூபாயை "வாடகை" என்ற பெயரில் கட்டுகிறார்.

அந்த 45,000 எப்படி வந்தது என்று கேட்டால் விஷயம் வெளிப்பட்டுவிடும். அக்கம்பக்கத்தில் அதே அளவான இடத்துக்கு 20,000 தான் வாடகை என்றால், இந்தத் தொகை வீட்டைப் பார்த்துப் போடப்பட்டதன்று. 15 லட்சத்துக்கு மாதம் மூன்று வீதம் என்று கணக்கிட்டுப் போடப்பட்டது. வருடத்துக்கு 5,40,000 ரூபாய், அதாவது 36 வீத வட்டி. இடத்தின் தரத்தோடு மாறாமல் கொடுத்த பணத்தோடு மட்டும் மாறும் வாடகை, வாடகையே அன்று.

ஈட்டுறுதியை ஏன் தவிர்க்கிறார்கள்? ஈட்டில் கடன் தவறினால் தனியார் ஒருவர் வழக்குத் தொடர்ந்து, தீர்ப்புப் பெற்று, காணியை ஏலத்தில் விற்க வேண்டும். கடன் போக மிஞ்சுவது கடனாளிக்கே சேரும். தவணை தப்பியதும் காணி தானாகவே கடன் கொடுத்தவருடையதாகிவிடும் என்று ஈட்டுறுதியில் எழுதினாலும், நமது உரோம டச்சுச் சட்டம் அந்த வாசகத்தை ஏற்காது. விற்பனை என்று எழுதிவிட்டால் இந்தத் தடைகள் எல்லாம் மறைந்து, 15 லட்சத்துக்கு 60 லட்சக் காணி மிஞ்சுகிறது.

2018 முதல் நடைமுறையிலுள்ள இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 15இன்படி, விற்ற விலைக்கோ அதற்கு மேலோ திருப்பி வாங்கும் ஏற்பாட்டோடு ஒரு சொத்து கைமாறினால் அது விற்பனையாகாது, நிதியளிப்பாகும். எனவே நான் இந்தக் கடைக்காரரின் கணக்கை எழுதினால் வீடு அவரது ஏட்டிலேயே இருக்கும். 15 லட்சம் கடனாகவும் 45,000 வட்டியாகவும் பதியப்படும்.

நீதிமன்றத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது, ஏனெனில் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு எழுத்து ஆவணத்தை வாய்ச் சாட்சியத்தால் மறுக்க விடாது. ஆனால் 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவு, சுற்றுச் சூழ்நிலைகளைப் பார்க்கும்போது உரிமையாளர் தமது பயனுரிமையைக் கைவிட எண்ணினார் என்று நியாயமாகக் கொள்ள முடியாவிட்டால், எழுதி வாங்கியவர் அந்தக் காணியை அவருக்காகவே வைத்திருக்கிறார் என்கிறது. அந்தச் சூழ்நிலைகளை நிரூபிக்க 92ஆம் பிரிவு தடையன்று என்பதை உயர் நீதிமன்றம் 1991இல் அறிக்கையிடப்பட்ட தயாவதி எதிர் குணசேகர வழக்கில் ஏற்றுக்கொண்டது. எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதை 1947இன் எஹியா லெப்பே எதிர் மஜீத் வழக்கே சொல்லியிருந்தது: எழுதிக் கொடுத்தவர் தொடர்ந்து குடியிருந்தாரா, உறுதியின் செலவை அவரே கட்டினாரா, விலை பெறுமதிக்குச் சற்றும் பொருந்தாததா. உண்மையாக வாங்கியவர் முத்திரைச் செலவைத் தாமே கட்டுவார், சோலை வரியைத் தம் பெயருக்கு மாற்றுவார், வீட்டைத் திறந்து பார்க்கவாவது வருவார்.

ஆகவே பணம் கட்டிய ஒவ்வொரு தடவையும் துண்டு வாங்கி வைப்பதும், முடிந்தால் வங்கி மூலம் கட்டுவதும், நொத்தாரிசின் கட்டணப் பற்றுச்சீட்டைத் தொலைக்காமல் இருப்பதும் அவசியம். (லயன் அறைக்கு உறுதியே கிடைக்காத தோட்டத்து மக்களுக்கு இந்த ஆபத்தும் இல்லை என்பது வேறொரு வேதனை.)

இதற்கு எல்லைகளும் உண்டு. திருப்பி எழுதும் நிபந்தனை உறுதியிலேயே தவணையோடு இருந்தால், நீதிமன்றம் அதை உண்மையான நிபந்தனை விற்பனையாகக் கொள்ளக்கூடும். அப்போது தவணை தப்பியவரின் உரிமை போய்விடலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, பணம் கொடுத்தவர் காணியை விவரம் அறியாத மூன்றாமவருக்கு விலைக்கு விற்றுவிடுவது. நல்லெண்ணத்தோடு வாங்கிய அவரைச் சட்டம் பாதுகாக்கும், முதல் உரிமையாளருக்கு நட்டஈட்டு வழக்கே மிஞ்சும். எனவே வழக்குத் தாக்கல் செய்தவுடன் அது நிலுவையில் உள்ளதைக் காணிப் பதிவகத்தில் பதிவு செய்யுமாறு சட்டத்தரணியிடம் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
கணக்காளர் ஒருவர்,
ஹட்டன்.