நல வாரிய அட்டைக்கும் காலாவதி உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழ்நாட்டில் கொத்தனாருக்கும் நெசவாளருக்கும் நல வாரியம் வைத்துப் பென்ஷன் கொடுக்கிறார்கள், மலேசியாவில் நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சொன்னது சரிதான். ஆனால் அந்தக் கொடுப்பினை கையில் இருந்தும் நழுவ விடுகிறவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

நான் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். இன்றும் யாராவது பாரம் நிரப்பச் சொல்லி வீட்டுக்கு வருவார்கள். போன மாதம் புதுக்கோட்டைப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டையை எடுத்து நீட்டினார். மூலையெல்லாம் சிமெண்டுக் கறை. "60 ஆனதும் மாசம் 1,200 ரூபா வருமாண்ணே?" என்று கேட்டார். பதிவை 5 ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். அவர் இங்கே வேலைக்கு வந்த மறுவருஷமே அட்டை காலாவதியாகிவிட்டது. மகளுடைய படிப்பு உதவித்தொகையும் அத்தோடு நின்றுபோயிருந்தது. அவருக்கு அது தெரியவே தெரியாது.

அந்த வாரியத்துக்குத் தொழிலாளி மாதாமாதம் பணம் கட்டுவதில்லை. கட்டடம் கட்டுகிறவரிடம் கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு வசூலித்து, அதிலிருந்துதான் கொடுக்கிறார்கள். அதனால் கேட்கிற சான்று ஒன்றுதான்: நீ இன்னும் கட்டட வேலை செய்கிறாயா? புதுப்பிக்கப் பணிச் சான்று வேண்டும். மத்தியச் சட்டமோ ஆண்டுக்கு 90 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும் என்கிறது. இந்த மனிதர் வருஷம் முந்நூறு நாள் செங்கல் அடுக்குகிறார், ஆனால் சுங்கை சிப்புட்டில். இதற்கு அங்கே யார் சான்று கொடுப்பது?

விபத்தைப் பற்றி அவருக்குப் பெரிய கவலை வேண்டாம். முதலாளி பதிந்திருந்தால் 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் சொக்சோ காப்புறுதி உண்டு. முதுமைக்குத்தான் அந்த 1,200 ரூபாய். இன்றைய மதிப்பில் ஐம்பது அறுபது வெள்ளிதான், இருந்தாலும் கிராமத்தில் அது மருந்துக்காகும்.

அதே சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 60 வயதுக்கு முந்தைய 3 ஆண்டுகள் தொடர்ந்து உறுப்பினராக இருந்தவருக்குப் பலன் பெறும் தகுதி உண்டு. அவருக்கு இப்போது 54. கணக்குப் போட்டுக் காட்டினேன்: 57 வயது ஆவதற்குள் ஊர் திரும்பி, வேலையில் சேர்ந்து, பதிவையும் செய்துகொண்டால் தப்பித்தார். "பெர்மிட் முடியறப்ப பாத்துக்கலாம்னு இருந்தேன்" என்றார். பெர்மிட் தேதியை மட்டுமே பார்த்துப் பழகிய மனிதர்.

அயலகத் தமிழர்களுக்கென்று தமிழ்நாடு அரசு தனி வாரியம் வைத்திருக்கிறது. மலேசிய முதலாளி கொடுக்கும் வேலைச் சான்றையும் கட்டுமான வாரியம் ஏற்றுக்கொள்ள அவர்கள் ஏற்பாடு செய்தால், இந்தக் கொத்தனார் 57-ஐ எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இதைத் தங்கள் பத்திரிகை அங்குள்ள அதிகாரிகளிடம் கேட்டு எழுத வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.