ஒரு சதம் எங்கே போனது: கடற்றொழிலாளர் சங்கப் பொருளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்தின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களில் பொருளாளர்களாகவும் கணக்கெழுதுபவர்களாகவும் பணியாற்றும் அன்பர்களுக்கு வணக்கம்.

உங்களில் பலர் கொடுப்பனவுப் பட்டியலைக் கணினி விரிதாளிலேயே தயாரிக்கிறீர்கள். அந்தப் பட்டியலின் அடியில் உள்ள கூட்டுத்தொகையும், அதன் நிரைகளை ஓர் உறுப்பினர் தன் கைப்பேசியில் கூட்டிப் பெறும் தொகையும் ஒரு சதத்தால் மாறுபடும்போது எழும் சந்தேகத்தைப் பற்றியே இந்த மடலை எழுதுகிறேன். தொகை அற்பமானதுதான். ஆனால் தன் பிடியின் விலையிலிருந்து கழிவு கொடுத்தவருக்கு, கூட்டினால் சரிவராத தாளைக் காட்டி நம்புமாறு கேட்பது நியாயமன்று. இந்தப் பிழைக்குக் காரணம் யாருடைய கைவரிசையும் அல்ல, கலங்களுக்குள் மறைந்திருக்கும் தசமங்களே. அதைத் திருத்துவதும் எளிது.

ஒரு சிறு பட்டியலை எடுத்துக்கொள்வோம். மூன்று உறுப்பினர்களின் மீன் விற்பனை முறையே ரூ. 8,325.50, ரூ. 4,611.10, ரூ. 6,790.30 என்றும், சங்கத்தின் கழிவு 2.5 வீதம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை B நிரலிலும் கழிவு C நிரலிலும் உள்ளன. தாளில் கழிவுகள் 208.14, 115.28, 169.76 என அச்சாகின்றன. இவற்றைக் கையால் கூட்டினால் 493.18 வரும். தாளின் அடியிலோ 493.17 என்று இருக்கிறது.

கணினி கூட்டத் தவறவில்லை. முதல் உறுப்பினரின் கழிவு உண்மையில் 208.1375 ஆகும். கலத்தை இரண்டு தசமதானங்களுக்கு வடிவமைத்தபோது நீங்கள் மாற்றியது அந்த எண் கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தை மட்டுமே, அந்த எண்ணை அல்ல. மற்ற இரு கலங்களிலும் அவ்வாறே 115.2775, 169.7575 என்னும் எண்கள் இருக்கின்றன. SUM என்னும் சார்பு திரையில் தெரிவதைக் கூட்டுவதில்லை, கலத்தில் இருப்பதையே கூட்டுகிறது. ஆகவே அதற்குக் கிடைத்தது 493.1725. அதுவும் இரண்டு தசமதானங்களில் 493.17 எனத் தோன்றுகிறது. மூன்று நிரைகளும் கால் சதம் கால் சதமாக மேலேறிக் காட்டப்பட்டதும், அடித்தொகை கால் சதம் கீழிறங்கிக் காட்டப்பட்டதும் சேர்ந்துதான் அந்த ஒரு சதமாகத் திரண்டன.

உங்கள் பட்டியலில் நேர்ந்திருப்பது இதுதானா என்று அறிய, ஒரு வெற்றுக் கலத்தில் கீழுள்ளதைத் தட்டச்சு செய்து, அந்தக் கலத்தை நான்கைந்து தசமதானங்களுக்கு விரித்துப் பாருங்கள்.

```
=SUMPRODUCT(ROUND(C2:C4,2))-SUM(C2:C4)
```

மேற்கண்ட உதாரணத்தில் விடை 0.0075. விடை பூச்சியம் அல்லாவிட்டால் மறைந்த தசமங்கள் இருக்கின்றன. இதில் ஓர் எல்லையும் உண்டு. ஒரு நிரையில் மறைவது அரைச் சதத்துக்கு மேற்படாது. எனவே நாற்பது நிரைகள் கொண்ட பட்டியலில் கைக்கூட்டலும் தாளும் 20 சதத்துக்கு மேல் வேறுபட முடியாது. அதற்கு மேல் வேறுபட்டால் காரணம் தசமம் அன்று: விடுபட்ட நிரையையோ, எண் போலத் தோன்றினாலும் எழுத்தாகப் பதியப்பட்ட கலத்தையோ தேடுங்கள்.

திருத்தம் செய்ய வேண்டிய இடம் அடித்தொகை அல்ல, ஒவ்வொரு நிரையும்தான். கழிவைக் கணக்கிடும் சூத்திரத்திலேயே அதைக் கிட்டிய சதத்துக்கு மட்டந்தட்டுங்கள். உறுப்பினருக்குச் சேரும் தேறிய தொகையை D நிரலில், மட்டந்தட்டிய கழிவை விற்பனையிலிருந்து கழித்துப் பெறுங்கள்.

```
C2:  =ROUND(B2*2.5%,2)
D2:  =B2-C2
C5:  =ROUND(SUM(C2:C4),2)
```

இப்போது கழிவின் கூட்டுத்தொகை 493.18. தேறிய தொகைகள் 8,117.36, 4,495.82, 6,620.54. அவற்றின் கூட்டுத்தொகை 19,233.72. இவ்விரண்டையும் சேர்த்தால் மொத்த விற்பனையான 19,726.90 குறைவின்றிக் கிடைக்கிறது.

தேறிய தொகையைக் கழித்துத்தான் பெற வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சிலர் 97.5 வீதத்தைத் தனியாகக் கணக்கிட்டு அதையும் மட்டந்தட்டுகிறார்கள். விற்பனை ரூ. 8,325.40 ஆக இருந்தால் கழிவு 208.135, தேறியது 8,117.265. இரண்டும் சரியாக அரைச் சதத்தில் நிற்பதால் இரண்டுமே மேலேறி 208.14, 8,117.27 ஆகின்றன. அவற்றைச் சேர்த்தால் 8,325.41 வரும். விற்காத ஒரு சதம் அங்கே முளைத்துவிடுகிறது. படகின் வருமானத்தைப் பங்கு பிரிக்கும்போதும் இதே கவனம் தேவை. ரூ. 10,000 மூவருக்குப் பிரிந்தால் ஆளுக்கு 3,333.33 வீதம் 9,999.99 தான் ஆகும். அங்கே கடைசிப் பங்கை, முன்னைய பங்குகள் போக எஞ்சியதாகவே எழுத வேண்டும்.

C5 கலத்தில் மீண்டும் ROUND எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கணினி எண்களை இரும முறையில் வைத்திருப்பதால் 208.14 போன்ற பல தசம எண்களை அதனால் மிகத் துல்லியமாகப் பதிய முடிவதில்லை. அந்தக் குறை பல தசமதானங்களுக்கு அப்பால் இருப்பதால் பணத்தைப் பாதிக்காது. ஆனால் இரு கூட்டுத்தொகைகள் சமமா என்று சூத்திரத்தால் ஒப்பிடும்போது, சமமான தொகைகளையும் அது வேறானவை என்று சொல்லிவிடக்கூடும். இறுதித் தொகையையும் மட்டந்தட்டிவிட்டால் அந்த இடர் நீங்கும்.

இரண்டு வழிகளை மட்டும் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, சூத்திரத்தை அழித்துவிட்டு அடித்தொகையைக் கையால் எழுதுவது. இதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட பட்டியல்களில் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளையே அடுத்த மாதத்துக்குப் பிரதியெடுக்கும்போது நிரைகள் மாறும், கையால் எழுதிய தொகை மாறாது. அப்போது வேறுபாடு ஒரு சதத்தோடு நிற்காது. இரண்டாவது, எக்செல்லின் மேம்பட்ட தெரிவுகளில் உள்ள Set precision as displayed என்பதை இயக்குவது. அது ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் சரிசெய்வது போலத் தோன்றும். ஆனால் அது அந்தக் கோப்பின் எல்லாத் தாள்களையும் பாதிக்கும், இழந்த தசமங்கள் பின்னர் திரும்ப வாரா. கழிவு வீதத்தைத் தனிக் கலத்தில் 2.5% என்று வைத்து, அக்கலம் தசமமின்றி 3% எனக் காட்டும்படி வடிவமைக்கப்பட்டிருந்தால், அது உண்மையாகவே 3 வீதமாகிவிடும். உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் அரை வீதம் கூடுதலாக அறவிடப்படும்.

அதே காரணத்தால் இடைப்பட்ட எண்களை மட்டந்தட்ட வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். மீனின் நிறையையோ கழிவு வீதத்தையோ உள்ளபடியே விட்டுவிடுங்கள். ஒருவர் கையில் கொடுக்கும் அல்லது ஒருவரிடமிருந்து பிடிக்கும் பணமாக மாறும் இடத்தில் மட்டும், ஒரே ஒருமுறை, மட்டந்தட்டினால் போதும்.

இனி எஞ்சுவது கணக்காய்வாளரின் கேள்வி. அவர் மொத்த விற்பனையில் 2.5 வீதத்தை நேரடியாகக் கணக்கிட்டால் 493.17 தான் வரும், உங்கள் தாளில் 493.18 இருக்கும். இங்கே உங்கள் தாளே சரி என்பது என் கருத்து. ஏனெனில் உறுப்பினர்களின் பற்றுச்சீட்டுகளில் எழுதி உண்மையாகப் பிடித்த பணம் அதுவே. ஆயினும் அதை அவர் ஊகித்தறியும்படி விடக் கூடாது. நிர்வாகக் குழுவில் இதைத் தீர்மானமாகப் பதிந்து, ஒவ்வொரு பட்டியலின் அடியிலும் "கழிவு ஒவ்வோர் உறுப்பினருக்கும் தனித்தனியே கிட்டிய சதத்துக்கு மட்டந்தட்டப்பட்டது, மொத்தம் அவற்றின் கூட்டுத்தொகை" என்னும் வரியை அச்சிடுங்கள். முடிந்த மாதங்களின் பட்டியல்களில் கைவைக்க வேண்டாம், அந்தத் தொகைகள் ஏற்கெனவே கொடுபட்டுவிட்டன. அடுத்த கொடுப்பனவுக்கான வெற்றுத் தாளில் மேற்சொன்ன மூன்று சூத்திரங்களையும் இட்டுத் தொடங்கினால் போதுமானது.

இப்படிக்கு,
சங்கக் கணக்குகளைச் சரிபார்க்க உதவிவரும் ஒருவர்,
திருகோணமலை.