பாப்பா ஏன் 'ப, ட, இம்' என்று நின்றுவிடுகிறாள்?

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். அ முதல் ஃ வரை மூச்சுவிடாமல் சொல்கிறாள், சுவரில் ஒட்டியிருக்கும் அட்டையில் நீ கைவைத்த எழுத்தையெல்லாம் சொல்கிறாள், ஆனால் 'படம்' என்று எழுதிக் காட்டியதும் "ப, ட, இம்" என்று சொல்லிவிட்டு உன் முகத்தையே பார்க்கிறாள். நீயும் அவள் சொன்னதை அப்படியே சேர்த்துச் சொல்லிப் பாருடா, 'படஇம்' என்றுதானே வருகிறது? அதில் படம் எங்கே இருக்கிறது?

இக், இங், இச் என்று நம்மைப் பாடவைத்த பழக்கம் அது. மெய்யைத் தனியாகச் சொல்ல வராது என்று முன்னால் ஒரு இ-யை ஒட்டவைத்திருக்கிறார்கள். எழுத்தின் பெயராக அது இருந்துவிட்டுப் போகட்டும், படிக்கும்போது வேண்டாம். ம் என்றால் உதட்டை மூடிக்கொண்டு 'ம்ம்ம்'. ல் என்றால் நாக்கை மேலே ஒட்டிவைத்து 'ல்ல்ல்'. இப்படி இழுத்துச் சொல்ல வருகிற மெய்களாகப் பார்த்துத் தொடங்கு: ம், ல், ண். க், ட், ப் எல்லாம் சட்டென்று அடைத்துக்கொள்ளும், அவை பிறகு.

பழைய காலண்டர் தாளில் ப ஒரு துண்டு, ல் ஒரு துண்டு வெட்டிக்கொள். இரண்டையும் ஒரு சாண் தள்ளி வைத்து, அவள் 'ப' என்றதும் ல்-ஐ நகர்த்திக்கொண்டுவந்து ஒட்டி 'ல்ல்ல்' சொல்லவை. இதில் நான் முதலில் ஒரு தப்புச் செய்தேன். ஒட்டும்வரை ப-வையே இழுக்கச் சொன்னேன், என் மகன் 'பஅஅஅல்' என்று இழுத்துவிட்டு, பால் டம்ளர் எங்கே என்று கேட்டான். அவன் கேட்டது சரிதான், தமிழில் குறிலை இழுத்தால் நெடில் ஆகிவிடும், சொல்லே மாறிவிடும். ஆகவே ப-வைச் சட்டென்று வெட்டிவிட்டு, இழுப்பதை மெய்யில் வைத்துக்கொள்.

கல், பல், கண், மண், மரம் இந்த ஐந்தும் வந்துவிட்டால் அப்புறம் துணைக்கால். கல்லுக்கு ஒரு கால் வைத்தால் என்ன வரும்? கால்! பல்லுக்கு வைத்தால் பால். பிள்ளைகளுக்கு இது ஒரு வித்தை மாதிரி, இவன் பார்த்த எழுத்துக்கெல்லாம் கால் வரைந்து தள்ளினான். அந்தக் காலும் ர-வும் ஒன்றுபோலத் தெரியும், 'பால்' என்பதைப் 'பரல்' என்று படித்தால் திட்டாதே, ர-வுக்குக் கீழே ஒரு சாய்ந்த வால் இருப்பதை விரலால் தடவிக்காட்டு.

இப்போது அட்டையில் வரைந்திருக்கும் படங்கள். உன் சுவர் அட்டையில் எழுத்துக்குப் பக்கத்திலேயே பெரிதாகப் படம் இருக்கிறது, அவள் பார்ப்பது அதைத்தான். எப்படித் தெரியும் என்கிறாயா? 'கல்' என்று எழுதிய அட்டைக்கு "கல்லு" என்று சொல்கிறாளா பார். வீட்டில் நாம் கல்லு, பல்லு, கண்ணு என்றுதானே பேசுகிறோம், படத்தைப் பார்த்த வாய் அதைத்தான் சொல்லும், அட்டையில் லு எங்கேயும் இல்லை. இவன் ஒரு வாரத்தில் பத்து அட்டையும் படிக்கிறான் என்று நான் ஊரெல்லாம் சொல்லிவிட்டு, படத்தை மடித்து மறைத்த அன்று இரண்டுதான் தேறியது. அதனால் படத்தை அட்டைக்குப் பின்னால் வரை, படித்து முடித்தபின் திருப்பிச் சரிபார்க்கட்டும். எழுத்தின் உருவத்துக்குள்ளேயே புகுகிற படம் என்றால் முன்னால் இருக்கலாம்: ப ஒரு மூடியில்லாத டம்ளர், அதில் பாதிக்குப் பால் வரைந்துவிடு. ண, ழ, ள போன்றவற்றில் எந்தச் சொல்லும் தொடங்காது, அவற்றைக் கண், பழம், பள்ளம் என்று சொல்லுக்குள் இருக்கும் இடத்திலேயே காட்டு.

கடைசியாக, நீ 'படம்' என்ற சொல்லை எடுத்ததே கொஞ்சம் அவசரம். ட என்றால் அழுத்திச் சொல்லும் வல்லோசை என்று அவள் கற்றிருக்கிறாள், 'படம்' என்னும்போது நாமோ அதை மெலிதாகச் சொல்கிறோம். அவள் எழுத்தின்படி வல்லோசையிலேயே சொன்னால், அவளுக்குத் தெரிந்த சொல்லாகவே காதில் விழாது. இரண்டு மாதம் போகட்டும், படம் என்றும் பட்டம் என்றும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஒற்றை ட மெலியும், புள்ளிவைத்த ட் முன்னால் நின்றால் அழுத்தும் என்று காதால் கேட்கவை. க-வும் இப்படித்தான்: நகம், பக்கம். கெ, கொ மாதிரி எழுத்துக்கு முன்னால் கொம்பு வருகிறவற்றை அதற்கும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், கண்ணில் முதலில் படும் குறியை ஒலிக்கும்போது பின்னால் சொல்ல வேண்டியிருப்பது அவளை இப்போது குழப்பும்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம், ஐந்து அட்டை போதும். அடுத்த வீடியோ எடுக்கும்போது சுவர் அட்டையைக் கழற்றிவிட்டு எடு.

அக்கா